புது வீட்டில் கழிவறையும் குளியலறையும் எங்கே வைப்பது? வெயில், காற்று, வாஸ்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி, கரூர் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பிளான் போட உட்காரும் எல்லாக் குடும்பமும் பூஜை அறைக்கும் சமையலறைக்கும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். கழிவறையை மட்டும் மிச்சம் கிடக்கும் மூலையில் தள்ளிவிடுவார்கள். குடிவந்த ஆறாவது மாதம் முதல் புகார் அங்கிருந்துதான் வரும். அந்தப் புகார்களிலிருந்து வந்த கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை. திசைக் கணக்கெல்லாம் தமிழ்நாட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் சொன்னது.

எந்த மூலையில் வைத்தால் நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வடமேற்கு, அதாவது வாயு மூலை. அது அமையாவிட்டால் மேற்குச் சுவரை ஒட்டி வேறு எங்காவது.

வாஸ்து பார்ப்பவர்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைப் பிடிக்கக் காரணம் வேறு. நம் ஊரில் வீட்டைச் சுட வைப்பது மேற்குச் சுவர். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சாய்ந்த வெயில் அதில் நேராக விழுகிறது. செங்கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் படுக்கையறை இருந்தால் தூக்கம் போகும். குளியலறை இருந்தால் சூட்டை அது தாங்கிக்கொள்ளும், கூடவே தரையும் காயும். வீட்டில் எல்லோரும் காலையில் குளிக்கிறோம், தரை ஒன்பது மணி வரை ஈரமாகவே இருக்கிறது. மேற்கு ஜன்னல் வழியாக மதிய வெயில் உள்ளே வந்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். கிழக்கில் வைத்தால் நாம் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெயில் வந்து போய்விடும். அப்புறம் நாள் முழுக்க ஈரம்தான்.

வடக்குச் சுவர் மட்டும் வெளியே இருக்கிற குளியலறைக்கு வெயில் வருஷத்தில் சில மாதங்கள்தான். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் அதிகமாகும்போது வடக்கு ஜன்னலில் ஒரு சொட்டு வெயில்கூட இருக்காது. வடக்கோடு மேற்கும் திறந்திருப்பதுதான் வாயு மூலையின் வசதி.

ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், வரக்கூடாது என்கிறார்களே, அதில் ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு. ஈசானிய மூலையில் கிணறு, இப்போது போர், சம்ப் வைப்பது நம் வழக்கம். குடிக்கிற தண்ணீர் இருக்கும் இடத்தில் மலக்குழியைக் கொண்டுவந்து வைக்காதே என்பது யார் சொன்னாலும் கேட்க வேண்டிய பேச்சு. இன்னொன்று, காலை இளவெயில் வரும் மூலை அது. கூடம், பூஜை அறை, பெரியவர் உட்காரும் திண்ணை என்று பகலெல்லாம் ஆள் புழங்குகிற இடத்துக்கு அதை விட்டுவைப்பது நல்லது.

ஒரு விஷயத்தையும் நினைவில் வையுங்கள். நம் பழைய வீடுகளில் கழிவறை வீட்டுக்குள் இருந்ததில்லை. கொல்லையின் கடைசியில் இருந்தது, அல்லது இல்லவே இல்லை. குளிப்பது கிணற்றடியில். ஆகவே இன்றைக்கு அட்டாச்டு பாத்ரூமுக்குச் சொல்லப்படும் விதிகளில் பல, தண்ணீருக்கும் நெருப்புக்கும் பாரத்துக்கும் சொல்லப்பட்ட பழைய விதிகளிலிருந்து பிற்பாடு நீட்டிச் சொன்னவை. இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வது இதனால்தான்.

தென்மேற்கே இருக்கும் கன்னி மூலையில் கழிவறை கூடாதா?

வாஸ்துப்படி கூடவே கூடாது. கன்னி மூலை உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும், அங்கே பள்ளமோ குழியோ ஆகாது என்பது நம்பிக்கை. தரைத்தளத்துக் கழிவறை என்றால் குழாய்க்கும் ட்ராப்புக்கும் தரையைத் தோண்டித்தான் ஆக வேண்டும், அதனால் வேண்டாம் என்கிறார்கள்.

வெயில் கணக்கில் பார்த்தால் தென்மேற்கு மோசமான இடம் இல்லை. நன்றாகக் காயும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் அதன் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். தென்மேற்கில் கழிவறை இருந்து கதவும் திறந்து கிடந்தால், அந்த நாலு மாதமும் கழிவறை நாற்றம் வீட்டின் குறுக்கே நடந்து வடகிழக்குக் கூடத்தில் வந்து நிற்கும். அதனால் நானும் அங்கே வைப்பதில்லை. மேற்கு நடுவிலோ வடமேற்கிலோ இடம் இருக்கும்போது எதற்குக் குடும்பத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டும்?

எங்கள் மனை 30க்கு 40, கிழக்கு பார்த்தது. இரண்டு படுக்கையறை வேண்டும். எப்படி அமைப்பது?

இது எனக்கு மிகவும் பழகிய மனை. சமீபத்தில் கட்டிய ஒன்றை அப்படியே சொல்கிறேன்.

ரோடு கிழக்கே, 30 அடி முகப்பு. முன்னால் 5, பின்னால் 5, இரண்டு பக்கமும் மும்மூன்று அடி விட்டோம். (உங்கள் ஊரில் எவ்வளவு விட வேண்டும் என்று பிளான் அப்ரூவல் கொடுக்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) மிச்சம் தெற்கு வடக்காக 24 அடி, கிழக்கு மேற்காக 30 அடி வீடு. வெளிச்சுவர் 9 அங்குலம். அதனால் பின்புறத்தில், அதாவது மேற்குச் சுவரை ஒட்டி, உள் அளவு இருபத்தி இரண்டரை அடி கிடைக்கிறது.

கன்னி மூலையில் 11 அடி அகலத்தில் பெரிய படுக்கையறை. அதற்கு வடக்கே நாலரை அங்குலச் சுவர் வைத்து ஒரு குளியலறை. இன்னொரு நாலரை அங்குலச் சுவர், அதற்கு வடக்கே வாயு மூலையில் இன்னொரு குளியலறை. கூட்டிக் கழித்தால் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 5 அடி 4 அங்குல அகலம் வருகிறது. நீளம் கிழக்கு மேற்காக 8 அடி. முதல் குளியலறைக்குப் பெரிய படுக்கையறையிலிருந்து கதவு. இரண்டாவதற்குக் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன நடை வழியாகக் கதவு. அதை வடக்கே இருக்கும் இரண்டாவது படுக்கையறைக்காரர்களும் விருந்தாளிகளும் பயன்படுத்துவார்கள். சமையலறை தென்கிழக்கு அக்னி மூலையில், கூடம் ஈசானியத்தில். இதுவரைக்கும் வாஸ்து பார்க்க வந்த பெரியவரும் நானும் ஒரு இடத்தில்கூட முட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து ஒவ்வொரு குளியலறைக்குள்ளும் எது எங்கே என்பது. பலர் இதைப் பிளம்பரிடம் விட்டுவிடுவார்கள், விடக்கூடாது. கதவு கிழக்கு முனையில் இருப்பதால் வாஷ்பேசின் அங்கே. நடுவில் கோப்பை. குளிக்கும் இடம் மேற்கு முனையில், ஜன்னலுக்கு அடியில். தண்ணீர் அதிகம் விழும் இடம் ஜன்னல் காற்றுக்கும் வெயிலில் சுடும் மேற்குச் சுவருக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இப்படி வைத்தோம். தரைச் சாய்வும் கதவிலிருந்து மேற்கு நோக்கி, ஃப்ளோர் ட்ராப் ஜன்னல் ஓரத்தில். பாட்டி ராத்திரி எழுந்து போனால் கோப்பை வரைக்கும் தரை காய்ந்திருக்கும், வழுக்காது.

இரண்டு கோப்பைகளையும் நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் முதுகு காட்டி வைத்தோம். இரண்டின் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி மேற்கே வெளியே வந்துவிடுகிறது. குளியலறையைத் தவிர வீட்டுக்குள் வேறு எங்கேயும் மலக்குழாய் தரைக்கடியில் போகவில்லை. நாளைக்கு அடைத்துக்கொண்டால் பின்பக்கச் சேம்பரைத் திறந்து குத்திவிடலாம், டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. அகலம் 5 அடி 4 அங்குலத்தில் கோப்பை இரண்டேகால், இரண்டரை அடி எடுத்துக்கொண்டாலும் முழங்காலுக்கு முன்னால் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக இடம் இருக்கும். போதும்.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும்? மேஸ்திரி ஒன்றரைக்கு ஒன்று போதும் என்கிறார்.

போதாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறைக்கும் கழிவறைக்கும் வெளிக்காற்று படும் சுவரில் 0.37 சதுர மீட்டர் திறப்பு கேட்கிறது. நம் கணக்கில் 4 சதுர அடி, இரண்டுக்கு இரண்டு. ஒன்றரைக்கு ஒன்று என்றால் அதில் பாதிகூட இல்லை. லூவர் கண்ணாடி போட்டால் சட்டமும் பட்டையும் போக அதிலும் குறையும். அதனால் நான் இரண்டரைக்கு இரண்டு வைக்கிறேன்.

வெளியே நிற்பவர் கண் படாமல் இருக்க, ஜன்னலின் அடி விளிம்பைத் தரையிலிருந்து ஐந்தரை அடிக்கு வைத்தால் சரி. சாய்ந்த வெயில் அந்த உயரத்திலிருந்தும் எதிர்ச்சுவரின் கீழ்ப்பாதி வரைக்கும் இறங்கும். சன்ஷேடு வேண்டும், ஆனால் மேற்கில் ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். மழைச்சாரலுக்கு அது போதும். நீட்டினால் மூன்று மணி வெயிலையும் தடுத்துவிடும், எதற்காக மேற்கே வைத்தோமோ அது கெட்டுப்போகும்.

மேற்குச் சுவரில் ஒரு குறை இருக்கிறது. தண்ணீர்க் குழாயை அந்த வெளிச்சுவரில் வெயில் படும்படி இறக்கினால் சித்திரை, வைகாசியில் மதியம் முதல் குவளைத் தண்ணீர் கையைச் சுடும். குழாயை நடுச்சுவர் வழியாகக் கொண்டுவந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஜன்னல் இருக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடுகிறது. ஆனாலும் வாடை படுக்கையறைக்கு வருகிறது. ஏன்?

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு போய்ப் பாருங்கள். குளியலறைக் கதவைச் சாத்தி, படுக்கையறைப் பக்கம் உட்கார்ந்து, கதவின் அடி இடுக்கில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை இடுக்குக்குள் நுழைந்து போனால் காற்று சரியான பக்கம் போகிறது. புகை உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் குளியலறைக் காற்று வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். ஃபேன் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை, ஆடி மாதக் காற்றில் ஒரு தடவை பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஃபேன் ஓடியும் புகை அசையாமல் நின்றால், பெரும்பாலும் ஃபேனை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள். ஃபேன் காற்றை எங்கே சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கிருந்துதான் இழுக்கும். ஒரு அடி தள்ளித் திறந்திருக்கும் லூவர் வழியாக வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே விட்டுக்கொண்டிருக்கும். அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபேன் ஓடும்போது அந்த லூவரை மூடுங்கள், கதவுக்கு அடியில் முக்கால் அங்குலம் இடுக்கு விடுங்கள். வீட்டுக் காற்று இடுக்கு வழியாக நுழைந்து, ஈரத் தரையைத் தடவிக்கொண்டு, மேலே ஃபேன் வழியாக வெளியேறும். புதுக் கதவு போடும்போது தச்சர் தரையோடு ஒட்ட வைத்து அழகாகச் செய்து தருவார். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபேன் நின்றிருக்கும்போது புகை திரும்பி வருவது மேற்குக் குளியலறைகளில் ஆடிக் காற்றின் வேலை. அம்மியையே நகர்த்தும் காற்று ஆறு அங்குல ஃபேனை மதிக்காது. மேலே சொன்ன பிளானில் வாயு மூலைக் குளியலறைக்கு வடக்கிலும் ஒரு ஜன்னல் இருப்பதால் மேற்கே நுழைந்த காற்று வடக்கே வெளியேறிவிடும், கதவு இடுக்குக்கு வராது. நடுவில் இருக்கும் அட்டாச்டு குளியலறைக்கு மேற்கு ஒன்றுதான் வழி. அதற்கு மட்டும் ஃபேனைச் சுவரில் வைக்காமல், கூரையை ஒட்டி 6 அங்குல பிவிசி குழாய் ஒன்றை மாடிக்கு ஏற்றி, தலையில் மூடி போட்டு, அதன் வாயில் ஃபேன் வைத்தோம். மொட்டை மாடிக்கு மேல் வீசும் காற்று பெரும்பாலும் குழாயிலிருந்து இழுக்கத்தான் செய்யும், தள்ளாது.

சென்னையில் இதே கணக்கு மாறும். அங்கே மதியத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே வரும். மேற்கே இருக்கும் குளியலறை வீட்டுக் காற்று வெளியேறும் வழியாகிவிடும். நாற்றம் போக அதைவிட நல்ல அமைப்பு இல்லை.

நாற்றம் என்றாலே வாஸ்துக் கோளாறு என்கிறார் ஒருவர்.

நாற்றம் என்றாலே முதலில் ட்ராப்பைப் பாருங்கள். தரையில் ஜல்லடை மூடிக்குக் கீழே வளைந்த கிண்ணத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாயுவை அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது. விருந்தாளி அறைக் குளியலறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் அது ஆவியாகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள், வாடை போயிருந்தால் கோளாறு அவ்வளவுதான்.

தினமும் புழங்கும் குளியலறையிலேயே இப்படி ஆனால், ஃப்ளஷ் செய்யும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஃப்ளோர் ட்ராப்பிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் வந்தால், வேகமாக இறங்கும் தண்ணீர் பின்னால் காற்றைத் தேடி ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகிறது. வென்ட் குழாய் இல்லை, அல்லது அடைத்திருக்கிறது. மலக்குழாயிலிருந்து ஒரு குழாய் மொட்டை மாடிக்கு நன்றாக மேலே போய் மூடியோடு நிற்க வேண்டும். ஒரு வீட்டில் வென்ட் குழாய் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று பெயின்ட் அடிக்க வந்தவர் வெட்டி, வாயை சிமென்ட் பூசி அடைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் குடும்பம் ஒன்றரை வருஷம் வாசற்படியை மாற்றுவதா, கதவைத் திருப்புவதா என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பூச்சை உடைத்த அன்றைக்கே நாற்றம் நின்றது.

கோப்பை எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும்?

உட்காருபவர் வடக்கு அல்லது தெற்கு பார்த்து இருக்கட்டும், கிழக்கு மேற்கு வேண்டாம் என்பது வழக்கம். சூரியனுக்கு நேராக மலம் கழிப்பதில்லை என்ற ஆசாரம் மிகப் பழையது. பகலில் வடக்கு, இரவில் தெற்கு பார்க்க வேண்டும் என்று பழைய நீதி நூல்களே சொல்கின்றன. வெட்டவெளியில் போன காலத்தில் வந்த ஒழுக்கம்.

சுவருக்குள் இருக்கும் கோப்பைக்கு வெயிலாலும் காற்றாலும் எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு மனது கேட்காது, அதுவும் கணக்கில் சேர்த்தி. குளியலறையின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, கோப்பையை நீளச் சுவரில் பொருத்தினால் செலவில்லாமல் அமைந்துவிடும். 30க்கு 40 பிளானில் ஒன்று வடக்கும் ஒன்று தெற்கும் பார்க்கிறது. பிளான் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். குழாய் பதித்த பிறகு திருப்பச் சொன்னால் தரையை உடைக்க வேண்டி வரும்.

பூஜை அறைச் சுவரும் குளியலறைச் சுவரும் ஒன்றாக இருக்கலாமா? மேல் தளத்தில் பூஜை அறைக்கு மேலே கழிவறை வந்தால்?

இரண்டையும் தவிருங்கள். நம்பிக்கையை விட்டாலும் ஈரம் இருக்கிறது. நாலரை அங்குலச் சுவரின் ஒரு பக்கம் தினமும் தண்ணீர் அடித்தால், டைல்ஸ் இடுக்கு விட்ட நாலைந்து வருஷத்தில் மறுபக்கம் பூச்சு உப்புப் பூத்து உதிரும். சாமிப் படங்களின் பின்னட்டை ஊதிப்போகும், மர அலமாரி அடியில் கறுக்கும்.

மாடிக் குளியலறை கீழ்த்தளக் குளியலறைக்கு நேர் மேலே இருப்பதுதான் நல்லது. குழாய் நேராக இறங்கும், கசிந்தாலும் குளியலறையிலேயே கசியும். வேறு அறைக்கு மேல்தான் வரும் என்றால், தளத்தைத் தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாபில் வாட்டர் புரூஃபிங் செய்து, டைல்ஸ் போடுவதற்கு முன் தண்ணீர் கட்டி இரண்டு முழு நாள் விட்டுக் கீழிருந்து பாருங்கள். ஒரு ஈரத் திட்டு தெரிந்தாலும் அடுத்த வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிவறை போட்டுக்கொள்ளலாமா?

வாஸ்துக்காரர்கள் வேண்டாம் என்பார்கள். தலை இடிக்காமல் நிற்க 7 அடி உயரமும், வெளிச்சுவரில் ஜன்னலும் கிடைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரும்பாலும் இரண்டும் கிடைக்காது. அப்போது அங்கே செருப்பு, சைக்கிள் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் ஈசானியத்தில், செப்டிக் டேங்க் வாயு மூலையில். வாஸ்துப்படி சரி. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

நடுவில் எத்தனை அடி என்று டேப் வைத்துப் பாருங்கள். கிழக்கு பார்த்த 30க்கு 40 மனையில் ஈசானியம் முன்னால், வாயு மூலை பின்னால். 35 அடி தள்ளிவிடும். அதே மனை வடக்கு பார்த்ததாக இருந்தால் இரண்டு மூலையும் ரோட்டுப் பக்கத்து 30 அடிக்குள் வந்துவிடுகிறது. போருக்கும் டேங்குக்கும் இருபத்தைந்து அடிகூட இருக்காது. மூலைகள் சரியாக இருக்கும், தண்ணீர் கெட்டுப்போகும். டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணீருக்கும் 50, 60 அடியாவது வேண்டும். சின்ன மனையில் அது எந்த மூலையிலும் கிடைக்காது.

அதனால் சின்ன மனையில் நான் உறிஞ்சு குழியே போடுவதில்லை. டேங்கின் அடியும் சுவரும் கசியாத கான்கிரீட், நிரம்பினால் லாரி. அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணாக விட்டுவிட்டால் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், லாரிச் செலவு மிச்சம் என்று சொல்லுவார்கள். அந்தத் தண்ணீர் உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும்தான் போகிறது. போரின் கேசிங் பைப் பாறை வரைக்கும் இறங்கி, தரைமட்டத்தில் சுற்றிலும் கான்கிரீட் போட்டு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் 5 அடி இடைவெளியில், உள் அகலம் இரண்டரை அடியாக நீளவாக்கில் டேங்க் அமையும். லாரியின் ஹோஸ் பக்கவாட்டுச் சந்து வழியாக அங்கே போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்தானே?

ரோட்டுச் சேம்பரின் ஆழத்தை அளக்காமல் முடிவு செய்யாதீர்கள். கிழக்கே ரோடு, மேற்கே குளியலறை என்றால் மலக்குழாய் பக்கவாட்டில் 40 அடி ஓட வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று சாய்வு கொடுத்தால் 40 அடிக்கு ஒரு அடி இறக்கம். குளியலறைக்குக் கீழே குழாய் ஏற்கெனவே ஒன்றரை அடி ஆழத்தில் இருந்தால், ரோட்டுக்கு வரும்போது இரண்டரை அடி. அங்கே சேம்பரின் வாய் ஒன்றேமுக்கால் அடியிலேயே இருந்தால் குழாய் ஏறிப் போகுமா? வீட்டின் தரைமட்டத்தை முக்கால் அடி உயர்த்த வேண்டும். அஸ்திவாரத்துக்கு முன் தெரிந்தால் அது கொஞ்சம் கிராவல் செலவு. பிறகு தெரிந்தால் வழியே இல்லை, சாய்வைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். நடுவில்தான் கழிவறை வருகிறது.

வீட்டின் நடு மையம் பிரம்மஸ்தானம், அங்கே வேண்டாம் என்பார்கள். வெயில், காற்று இரண்டின்படியும் அதற்கு மேல் கெட்ட இடம் கிடையாது. பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு வெளிச்சுவருக்குக் கொண்டுபோக முடியுமா என்று பிளானை நாலு தடவை மாற்றிப் பாருங்கள்.

முடியவே இல்லையென்றால், மேலே வானம் தெரியும்படி ஒரு டக்ட் விடுங்கள். பக்கம் மூன்றடிக்குக் குறையாமல், நாலரைக்கு மூன்றாவது இருக்க வேண்டும். அடியில் ஒரு சின்னக் கதவு வைத்து ஆள் நுழைந்து கூட்டும்படி வையுங்கள், தரைக்குச் சாய்வும் வடிகாலும் கொடுங்கள். மேலே கண்ணாடி போட்டு மூடிவிடாதீர்கள். மழைக்குப் பயந்து மூடுகிறார்கள், அதோடு காற்றும் நின்றுவிடுகிறது. இரண்டடி உயர்த்திப் பக்கவாட்டில் திறந்திருக்கும்படி கூரை வைத்தால் மழையும் வராது, காற்றும் போகும்.

வாங்கிய வீட்டில் ஈசானியத்திலேயே கழிவறை இருக்கிறது. இடிக்க வேண்டுமா?

இடிக்க வேண்டாம், முதலில் அது காய்கிறதா என்று பாருங்கள். காலையில் போட்ட துண்டு மாலையில் தொட்டால் ஜில்லென்று இருக்கிறதா, கண்ணாடியின் விளிம்பு கறுத்திருக்கிறதா, கதவு நிலையின் அடி மூன்று அங்குலம் விரல் வைத்து அழுத்தினால் பொதபொதவென்று போகிறதா? ஒன்று இருந்தாலும் காற்று போதவில்லை. ஜன்னலைப் பெரிதாக்கி, ஃபேனின் வழியைச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் சம்ப் இருந்தால் அதன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், இரண்டுக்கும் நடுவில் குழாய் இணைப்பு எங்காவது கசிகிறதா என்று பிளம்பரை வைத்துப் பாருங்கள். இடைவெளி பத்தடிக்கும் குறைவு என்றால் குடிதண்ணீரை அந்தச் சம்பிலிருந்து எடுக்காமல், தரைக்கு மேலே ஒரு டேங்க் வைத்துக்கொள்வது நல்லது.

பரிகாரம் என்று உப்புக் கிண்ணமும் பிரமிடும் வாங்கி வைக்கச் சொல்வார்கள். மனதுக்கு நிம்மதி என்றால் வையுங்கள், ஈரத்துக்கு அது பதில் இல்லை. இதையெல்லாம் செய்த பிறகும் வீட்டில் ஒருவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தால், கோப்பையை மட்டும் வீட்டின் மேற்குச் சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டு, பழைய இடத்தைக் கை கால் கழுவும் இடமாக வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தோம். இப்போது அந்த ஜன்னல் ஓரத்தில் ஒரு துளசித் தொட்டி இருக்கிறது, காலை வெயிலில் நன்றாகத் தழைத்திருக்கிறது.